டோஸைக் கொடுப்பதா, நிறுத்திவைப்பதா: செவிலிய மாணவர்களுக்கு ‘மிகப் பொருத்தமான ஒரே விடை’க் கேள்வி எழுதும் முறை

‘மெக்னீசியம் சல்பேட் நச்சுக்கு மாற்று மருந்து எது?’ என்று கேட்டால், மகப்பேறு வகுப்பில் உட்கார்ந்த எந்த மாணவியும் யோசிக்காமல் கால்சியம் குளுகோனேட் என்று குறித்துவிடுவார். அதே மாணவி பிரசவ வார்டில் மதியம் 2 மணி டோஸை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு நிற்கும்போது, யூரோபேக்கில் நாலு மணி நேரத்துக்கு 70 மி.லி. மட்டுமே இருப்பதைப் பார்த்தும் ஊசியைப் போட்டுவிடக்கூடும். முதல் கேள்வி அளந்தது ஞாபகத்தை. இரண்டாவது இடத்தில் தேவைப்படுவது, கண்முன் இருக்கும் விவரங்களில் எது முடிவை மாற்றுகிறது என்று கண்டுபிடிக்கும் திறன். கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் என்று சொல்வது இதைத்தான்.

இதை நான்கு விடைகள் கொண்ட ஒரே கேள்வியில் சோதிக்க முடியும். அதற்கு ஓர் அடிப்படை விதி உண்டு: தவறான விடை ஒவ்வொன்றும், சற்றே வேறுபட்ட ஒரு நோயாளிக்குச் சரியான விடையாக இருக்க வேண்டும். எந்த நோயாளிக்கும் பொருந்தாத விடையைத் தள்ளிவிட அறிவு தேவையில்லை. இந்த விதியைப் பிடித்துக்கொண்டு, மேலே சொன்ன மெக்னீசியம் சூழலிலிருந்து ஒரு கேள்வியை அடி முதல் நுனி வரை கட்டிப் பார்ப்போம்.

முதலில் முடிவை எழுதுங்கள், கேள்வியை அல்ல

பலரும் பாடத்தலைப்பிலிருந்து தொடங்குவார்கள்: ‘ப்ரீ-எக்லாம்சியாவில் ஒரு கேள்வி வேண்டும்.’ அப்படித் தொடங்கினால் வரையறையோ அறிகுறியோதான் கேள்வியாக வந்து விழும். அதற்குப் பதிலாக, வார்டில் செவிலியர் எடுக்கும் ஒரு முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு அது இப்படி இருக்கும்: ‘சுவாசமும் முழங்கால் அனிச்சையும் நன்றாக இருந்தாலும், சிறுநீர் குறைந்திருந்தால் மெக்னீசியத்தின் அடுத்த டோஸை நிறுத்திவைக்க வேண்டும்.’

இந்த வாக்கியத்தில் ‘இருந்தாலும்’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் இழுக்கும் தகவலும் மறுபக்கம் இழுக்கும் தகவலும் இருக்கும்போதுதான் முடிவெடுக்க வேண்டிய தேவையே வருகிறது. உங்கள் வாக்கியத்தில் ‘இருந்தாலும்’ வர மறுத்தால், கையில் இருப்பது பெரும்பாலும் ஞாபகக் கேள்விதான்.

அமெரிக்க செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 2023 ஏப்ரலில் புதிய வடிவத்துக்கு மாறியபோது, இந்தத் திறனை ஆறு படிகளாகப் பிரித்தே கேள்விகளை அமைத்தார்கள்: குறிப்புகளைக் கவனித்தல், அவற்றின் பொருளை அலசுதல், எது அவசரம் என்று வரிசைப்படுத்துதல், வழிகளை யோசித்தல், செயல்படுதல், பலனை மதிப்பிடுதல். ஒரே விடைக் கேள்வியால் ஆறையும் சோதிக்க இயலாது. ஒன்றிரண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நம் கேள்வி குறிப்பை அலசி, செயலைத் தேர்வதோடு நிற்கிறது.

நெறிமுறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் பரவலாகக் கையாளப்படும் பிரிட்சார்டு முறையில் முதல் டோஸ் மொத்தம் 14 கிராம். 4 கிராம் சிரைவழி மெதுவாகவும், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் தசைவழியும் கொடுப்பார்கள். அதன்பின் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பிட்டத்தை மாற்றி மாற்றி. ஒவ்வொரு தொடர் டோஸுக்கும் முன்னால் மூன்றைப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்: சுவாசம் நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமை, முழங்கால் அனிச்சை இருத்தல், கடந்த நாலு மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமை. மூன்றில் ஒன்று தவறினாலும் டோஸை நிறுத்திவைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டும்.

இங்கேதான் கேள்வி எழுதுபவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். மணிக்கு 30 மி.லி. என்றால் நாலு மணி நேரத்துக்கு 120. ஆனால் சில பாடநூல்களிலும் சில வார்டுகளிலும் ‘நாலு மணி நேரத்தில் 100 மி.லி.’ என்பதே அளவுகோல். சிறுநீர் 110 மி.லி. என்று எழுதினால் ஒரு நூலைப் படித்த மாணவிக்கு ஒரு விடையும், இன்னொரு நூலைப் படித்தவருக்கு இன்னொரு விடையும் சரி. விடைத்தாள் திருத்திய மறுநாள் துறைத்தலைவர் அறையில் சண்டை நடக்கும், அந்தச் சண்டையில் மாணவி பக்கம்தான் நியாயம் இருக்கும். ஆகவே 70 மி.லி. என்று எழுதுங்கள். எந்த நெறிமுறைப்படியும் அது குறைவு. அதே காரணத்துக்காகச் சுவாசத்தை 14 என்றோ 16 என்றோ எழுதாமல் 18 என்று எழுதுங்கள். நீங்கள் சோதிக்க விரும்புவது, இரண்டு நல்ல செய்திகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு கெட்ட செய்தியைப் பிடிக்கிறாரா என்பதை. எல்லைக்கோட்டு எண்ணை மனப்பாடம் செய்தாரா என்பதை அல்ல.

கேள்விப் பத்தி

ஸ்டெம் எனப்படும் கேள்விப் பத்தியில் வயது, நிலை, நேரம், அளவீடுகள், கடைசியில் ஒரு கேள்வி ஆகியவை வர வேண்டும். அளவீடுகளைப் பச்சையாகவே கொடுங்கள். ‘சிறுநீர் குறைந்துள்ளது’ என்று எழுதினால், அலச வேண்டிய வேலையை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள். நம் முதல் வரைவு இது:

> முதல் கர்ப்பம், 37 வாரம், வயது 24. தீவிர ப்ரீ-எக்லாம்சியாவுக்காகக் காலை 10 மணிக்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸ் முழுமையாகக் கொடுக்கப்பட்டது. அப்போது இரத்த அழுத்தம் 170/112, யூரோபேக் காலி செய்யப்பட்டது. மதியம் 2 மணிக்கு அடுத்த 5 கிராம் தசைவழி டோஸ் கொடுக்க வேண்டும். இப்போது தலைவலி குறைந்துள்ளது. இரத்த அழுத்தம் 148/96, நாடி 92, சுவாசம் 18, இரு முழங்கால் அனிச்சைகளும் உள்ளன, யூரோபேக்கில் 70 மி.லி. சிறுநீர் உள்ளது. செவிலியர் இப்போது செய்ய வேண்டிய மிகப் பொருத்தமான செயல் எது?

விடைகளை எழுதும் முன்பு, இந்தப் பத்தியை மட்டும் இரண்டு சக ஆசிரியர்களிடம் கொடுத்து, ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். விடைகளை மறைத்துப் பார்க்கும் சோதனை இது. நல்ல கேள்வி என்றால், விடைகளைப் பார்க்காமலேயே அனுபவமுள்ளவர் ஒரே பதிலுக்கு வர வேண்டும். ‘கீழ்க்கண்டவற்றில் எது சரி?’ என்று முடியும் கேள்விகள் இந்தச் சோதனையில் அங்கேயே விழுந்துவிடும், ஏனென்றால் அவற்றில் கேள்வியே கிடையாது.

மேலே உள்ள வரைவை வார்டு அனுபவம் உள்ளவரிடம் நீட்டினால், ‘முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன்’ என்று எழுதித்தர நிறைய வாய்ப்பு உண்டு. அவர் சொல்வது சரியும்கூட. சிறுநீர் வரவில்லை என்றால் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பதற்கு முன் குழாயைச் சந்தேகிப்பதுதான் நல்ல செவிலியரின் பழக்கம். அதாவது நம் பத்தியில் இன்னொரு நியாயமான விடை ஒளிந்திருக்கிறது. அதை விடைகளில் சேர்க்காமல் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நன்றாகப் படிக்கும் மாணவி அதைத் தேடி நேரத்தைத் தொலைப்பார். பத்தியிலேயே அந்தக் கதவை மூட வேண்டும்: ‘கதீட்டரில் மடிப்போ அடைப்போ இல்லை, சிறுநீர்ப்பை உப்பியிருக்கவில்லை.’ இந்த ஒரு வரிதான் கேள்வியைக் காப்பாற்றுகிறது.

தலைவலி குறைந்ததும் அழுத்தம் இறங்கியதும் முடிவுக்குத் தேவையில்லாத தகவல்கள். அவற்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். நோயாளி தேறுகிறார் என்ற ஆறுதலைத் தருவதால், ‘வழக்கம்போல் கொடுத்துவிடலாம்’ என்ற எண்ணத்துக்கு அவை தீனி போடும். வார்டிலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் இதற்குமேல் சேர்க்க வேண்டாம். கணவர் பெயர், ஊர், இரத்த வகை எல்லாம் வாசிக்கும் வேகத்தைத்தான் சோதிக்கும்.

நான்கு விடைகள்

இப்போது, ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு தவறான யோசனை இருக்கிறதா என்று தேடுங்கள். பிரசவ வார்டில் மாணவிகள் உண்மையாகவே செய்யும் பிழைகள்தான் இதற்குச் சுரங்கம். நம் கேள்விக்கு மூன்று கிடைக்கின்றன. சுவாசமும் அனிச்சையும் சரியாக இருந்தால் போதும் என்று நம்புவது ஒன்று. நச்சு வருவதற்கான அபாயத்தையும் வந்துவிட்ட நச்சையும் குழப்பிக்கொண்டு மாற்று மருந்துக்கு ஓடுவது இன்னொன்று. சிறுநீர் குறைந்தால் திரவம் ஏற்ற வேண்டும் என்ற பொது விதியை இந்த நோயாளிக்கும் பொருத்துவது மூன்றாவது.

> அ. 5 கிராம் டோஸை இப்போது கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சிறுநீரை அளத்தல்
> ஆ. டோஸை நிறுத்திவைத்து, சிறுநீர் அளவை மருத்துவருக்கு உடனே தெரிவித்தல்
> இ. டோஸை நிறுத்திவைத்து, கால்சியம் குளுகோனேட் 1 கிராம் சிரைவழி மெதுவாகக் கொடுத்தல்
> ஈ. மருத்துவர் ஆணை பெற்று 500 மி.லி. நார்மல் சலைன் வேகமாக ஏற்றி, டோஸைக் கொடுத்தல்

இரண்டு விடைகளில் டோஸ் கொடுக்கப்படுகிறது, இரண்டில் நிறுத்திவைக்கப்படுகிறது. இது தற்செயல் அல்ல. ஒரே ஒரு விடையில் மட்டும் ‘நிறுத்திவைத்தல்’ இருந்திருந்தால், ‘பாதுகாப்பாகத் தெரிவதைக் குறி’ என்ற தேர்வுத் தந்திரமே போதுமாகிவிடும். மருத்துவரும் ஆ, ஈ இரண்டிலும் வருகிறார். ‘மருத்துவரிடம் சொல்லுதல்’ ஒரு விடையில் மட்டும் இருந்தால் மாணவர்கள் பத்தியைப் படிக்காமலே அதைக் குறிப்பார்கள். பழைய வினாத்தாள்களில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும் என்பதால் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம், நான்கும் செயல்கள், நான்கும் ‘-தல்’ என்று முடிகின்றன. சரியான விடையைத் துல்லியமாக்கும் ஆசையில் அதற்கு மட்டும் வால் நீண்டுகொண்டே போவது எல்லாருக்கும் நேரும் பிழை. ஆ-வில் ‘அனிச்சை, சுவாசம், சிறுநீர் ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணித்தல்’ என்று சேர்க்கக் கை அரிக்கும். சேர்க்காதீர்கள். அது விளக்கத்தில் வரலாம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு கண்ணியும் உண்டு. ‘டோஸை நிறுத்துதல்’ என்றால் சிகிச்சையையே முடித்துவிடுவது என்றும் படிக்கலாம், இந்த வேளைக்குத் தள்ளிவைப்பது என்றும் படிக்கலாம். ‘நிறுத்திவைத்தல்’ என்று எழுதினால் இரண்டாவது பொருள் மட்டும் நிற்கும். அனிச்சையையும் ‘உள்ளது’, ‘இல்லை’ என்றே எழுதுங்கள். ‘மந்தமாக உள்ளது’ என்று எழுதினால் அதுவே நச்சின் தொடக்கமாகப் படிக்கப்பட்டு இ-யின் பக்கம் தராசு சாயும்.

‘மேற்கூறிய அனைத்தும்’, ‘எதுவுமில்லை’, ‘கீழ்க்கண்டவற்றில் எது செய்யக்கூடாது’ ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் கேள்வியில் அவற்றுக்கு இடமில்லை.

நோயாளியை மாற்றிப் பார்க்கும் சோதனை

இப்போது தொடக்கத்தில் சொன்ன விதியை ஓட்டிப் பாருங்கள். அ எப்போது சரி? யூரோபேக்கில் 200 மி.லி. இருந்தால், டோஸை இப்போதே கொடுப்பது சரி. இ எப்போது சரி? அனிச்சை மறைந்து சுவாசம் 8-க்கு இறங்கியிருந்தால். அப்போது மூச்சுக்கு உதவிக்கொண்டே 10% கால்சியம் குளுகோனேட் 10 மி.லி. மெதுவாகக் கொடுக்க வேண்டும். ஈ எப்போது சரி? இங்கே சற்றுத் தடுமாற்றம் வரும். பிரசவத்துக்குப் பின் அதிக இரத்தப்போக்கால் நாடி 124, அழுத்தம் 86/50 என்று இருந்தால் திரவத்தை வேகமாக ஏற்றுவது நியாயம், ஆனால் அப்போதும் அதைத் தொடர்ந்து டோஸைக் கொடுப்பது நியாயமாகாது. ஆக, ஈ-யின் முதல் பாதிதான் சோதனையில் தேறுகிறது. ‘500 மி.லி. நார்மல் சலைனை வேகமாக ஏற்றி, சிறுநீர் கூடியபின் டோஸைக் கொடுத்தல்’ என்று திருத்தினால் முழு விடைக்கும் உயிர் வரும், தவறான யோசனையும் இன்னும் கவர்ச்சியாகும். மற்ற விடைகளின் நீளத்துக்குப் பொருந்த ‘மருத்துவர் ஆணை பெற்று’ என்பதை முன்னால் விட்டுவைக்கலாம். அது இல்லாவிட்டால், ஆணையின்றிச் செவிலியர் திரவம் ஏற்றக்கூடாது என்ற ஒரே காரணத்தால் ஈ கழிந்துவிடும். பிறகு நாம் சோதிப்பது பணி எல்லையை, முடிவை அல்ல.

விளக்கம் எழுதுதல்

விளக்கத்தில் பலர் கேள்வியையே திருப்பிச் சொல்வார்கள்: ‘சிறுநீர் குறைந்ததால் டோஸை நிறுத்திவைக்க வேண்டும், எனவே ஆ சரி.’ இதில் மாணவிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு விளக்கம் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும்: முடிவைத் திருப்பிய தகவலைச் சுட்டுவது, அது ஏன் முடிவைத் திருப்புகிறது என்று உடலியல் வழியே சொல்வது, ஒவ்வொரு தவறான விடையும் இங்கே ஏன் பொருந்தாது என்பது, அது எங்கே பொருந்தும் என்பது. கடைசி வேலையை ஏற்கனவே முடித்துவிட்டோம், நோயாளியை மாற்றிப் பார்த்த குறிப்புகளே அதற்குப் போதும்.

நம் கேள்விக்கான விளக்கம்:

> சரியான விடை ஆ. நாலு மணி நேரத்தில் 70 மி.லி. என்றால் மணிக்கு 18 மி.லி.க்கும் குறைவு. மெக்னீசியம் உடலைவிட்டு வெளியேறுவது ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகத்தான். சிறுநீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஏறும்போது முதலில் முழங்கால் அனிச்சை மறையும், பிறகு சுவாசம் ஒடுங்கும், இறுதியில் இதயம் நிற்கும். இந்த நோயாளிக்கு அனிச்சையும் சுவாசமும் சரியாக இருப்பது, இதுவரை கொடுத்த மருந்து நச்சாகவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. அடுத்த 5 கிராமை உடல் வெளியேற்றுமா என்பதற்கு அது பதில் சொல்லாது. தசையில் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. நிறுத்திவைத்த பிறகு அனிச்சை, சுவாசம், மணிவாரிச் சிறுநீர் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.
>
> அ: மூன்று நிபந்தனைகளில் இரண்டு நிறைவேறியது போதாது. 200 மி.லி. சிறுநீர் இருந்திருந்தால் இதுவே சரி.
>
> இ: நச்சின் அறிகுறி எதுவும் இப்போது இல்லை. கால்சியம் மெக்னீசியத்தின் விளைவை எதிர்ப்பதால், தேவையின்றிக் கொடுத்தால் வலிப்புக்கு எதிரான பாதுகாப்பும் குறையலாம். சுவாசம் ஒடுங்கியிருந்தால் இதுவே சரி.
>
> ஈ: தீவிர ப்ரீ-எக்லாம்சியாவில் இரத்த நாளங்களிலிருந்து திரவம் எளிதில் கசியும். வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் அபாயம் உண்டு. இவருக்கு இரத்த இழப்பின் அடையாளம் எதுவும் இல்லை.

‘மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது’ என்ற வாக்கியம் எந்த அட்டவணையிலும் இருக்காது. நிபந்தனை மூன்றும் நினைவிலிருந்து நழுவினாலும் அந்த ஒரு காரணம் மாணவியின் கையைத் தடுக்கும். விளக்கம் எழுதும்போது இப்படி ஒன்றாவது கிடைக்கும் வரை தேடுங்கள்.

இன்னொன்று: விளக்கத்தில் இருக்கும் காரணம் பத்தியில் இருக்கும் தகவலிலிருந்து மட்டுமே வர வேண்டும். ‘கிரியேட்டினின் கூடியிருக்கலாம்’ என்று விளக்கத்தில் எழுத நேர்ந்தால், பத்தியில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

தேர்வு முடிந்த பிறகு

100 மாணவர்கள் எழுதியதாக வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 பேரையும் கீழே உள்ள 27 பேரையும் எடுங்கள். இந்தக் கேள்விக்கு மேல்குழுவில் 22 பேரும் கீழ்க்குழுவில் 11 பேரும் ஆ-வைக் குறித்திருந்தால், எளிமை அளவு 33-ஐ 54-ஆல் வகுக்க 0.61. பிரித்துக்காட்டும் அளவு, இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசமான 11-ஐ 27-ஆல் வகுக்க 0.41. இரண்டும் நல்ல எண்கள். பிரித்துக்காட்டும் அளவு 0.2-க்குக் கீழே போனால் கேள்வியை மறுபடி பார்க்க வேண்டும். அது மைனஸில் போனால் முதலில் விடைக்குறிப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அதுதான் காரணமாக இருக்கும்.

இந்த எண்களைவிடத் தவறான விடைகளின் கணக்கே அதிகம் பேசும். 100 பேரில் ஈ-யை 5 பேர்கூடத் தொடவில்லை என்றால், உங்கள் மாணவர்களிடம் அந்தத் தவறான யோசனை இல்லை. அதை மாற்றுங்கள், வேறு நல்லது கிடைக்காவிட்டால் மூன்று விடைகளோடு விட்டுவிடுங்கள், ஒப்புக்கு ஒன்றைச் சேர்ப்பதைவிட அது மேல். கீழ்க்குழுவைவிட மேல்குழு இ-யை அதிகம் குறித்திருந்தால், நன்றாகப் படித்தவர்கள் பத்தியில் நீங்கள் பார்க்காத எதையோ பார்த்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். ‘சிறுநீர் குறைந்தாலே நச்சு என்று வகுப்பில் சொன்னீர்களே, மேடம்’ என்று பதில் வந்தால், திருத்த வேண்டியது கேள்வியை அல்ல.